கோ / நோ-கோ கூட்டத்துக்கான டெஸ்ட் அறிக்கை: மிச்சமிருக்கும் ஆபத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: அண்ணா, யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ் ஆசன முற்பதிவுத் தளம் ஒன்றை நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் திறக்கப் போகிறோம். தளத்தைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கோ / நோ-கோ கூட்டம் வெள்ளிக்கிழமை. 412 டெஸ்ட் கேஸில் 396 பாஸ், 9 ஃபெயில், ஓட்டிப் பார்க்கவே முடியாமல் 7 புளொக்ட். காசு கட்டியும் டிக்கெட் வராத பக் ஒன்று இன்னும் திருத்தப்படவில்லை. சமரி ரிப்போர்ட்டில் மிச்ச ரிஸ்க்கை எப்படி எழுதுவது? மனேஜர் "ஆக்களைப் பயப்படுத்தாமல் எழுதுங்கோ" என்கிறார்.

பதில்:

அந்தக் கூட்டத்தில் "திறக்கலாம்" என்று சொல்லப் போகிறவர் உங்கள் வாடிக்கையாளரான பஸ் உரிமையாளர். அறிக்கையின் முதல் பக்கம் அவருக்கானது. தன் பயணிக்கு என்ன நடக்கக்கூடும், நடந்தால் தன் ஆட்கள் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காசு சிக்கும் என்று அவருக்கு அதில் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். டெஸ்ட் கேஸ் பட்டியல், பக் எண்கள், பில்ட் விவரம் எல்லாம் பின்பக்கங்களில் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் உங்கள் பாஸ் கணக்கைப் பார்ப்போம். 412இல் 396 என்றால் 96 சதவீதம், கணக்கு சரிதான். ஆனால் புளொக்ட் ஆன 7 கேஸும் எவை என்று பட்டியலைத் திறந்து பாருங்கள். இப்படியான திட்டங்களில் பெரும்பாலும் அவை சிதறிக் கிடக்காது, ஒரே இடத்தில் குவிந்திருக்கும். காசு வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் சாண்ட்பொக்ஸ் என்ற சோதனைச் சூழலில் பணம் திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாவிட்டால், ரிஃபண்ட் சம்பந்தமான எல்லாக் கேஸும் ஒன்றாகவே புளொக்ட் ஆகும். உங்கள் 7உம் அப்படித்தான் என்றால், "96 சதவீதம் பாஸ்" என்ற வரியை விட "பணம் திருப்பிக் கொடுக்கும் பகுதி ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை" என்ற வரிதான் கூட்டத்துக்குத் தேவை. சதவீதத்தைப் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் வேலைகளின் பெயரால் எழுதுங்கள்: ஆசனம் தேடுதல், ஆசனம் பிடித்தல், காசு கட்டுதல், டிக்கெட் எஸ்எம்எஸ், ரத்துச் செய்தல், காசு திருப்பிக் கொடுத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று வர வேண்டும்: "சோதித்தோம், சரி"; "சோதித்தோம், பிழை இருக்கிறது"; "சோதிக்கவில்லை". இந்த மூன்றாவதைப் பலர் முதலாவதோடு கலந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் இருப்பவர்களும் பிழை பதிவாகாத பகுதியை நல்ல பகுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் சோதிக்காததற்குத் தனி வரி வேண்டும்.

இனி அந்த டிக்கெட் வராத பக். அறிக்கையின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இப்படியான தளங்களில் ஆசனத்தைத் தெரிவு செய்ததும் அது ஒரு பயணிக்காகச் சில நிமிடங்கள் பூட்டப்படும். உங்களுடையது பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்துக்குள் காசு கட்டாவிட்டால் ஆசனம் மற்றவர்களுக்குத் திறந்துவிடும். காசு கட்டும் இடமோ உங்கள் தளத்தில் இல்லை. பயணி கேட்வேயின் பக்கத்துக்குப் போகிறார், வங்கி ஓடிபி அனுப்புகிறது, அதை அடிக்கிறார், பிறகு கேட்வே உங்கள் சேர்வருக்கு "காசு வந்தது" என்று ஒரு கோல்பேக் அனுப்புகிறது. ஓடிபி எஸ்எம்எஸ் தாமதமானால் ஒன்பதரை நிமிடத்தில் இருந்த பயணி பதினொன்றாம் நிமிடத்தில்தான் கட்டி முடிக்கிறார். அதற்குள் பூட்டு திறந்து, அதே ஆசனத்தை வேறொருவர் வாங்கியிருக்கலாம். கோல்பேக் வரும்போது உங்கள் நிரல் "இந்த ஆசனம் இந்த ஓர்டருக்கு உரியதல்ல" என்று சொல்லித் தள்ளிவிடுகிறது. பயணியின் கணக்கில் காசு குறைந்துவிட்டது. டிக்கெட் இல்லை.

இது உங்கள் பக் பட்டியலில் அநேகமாக "கோல்பேக் ரேஸ் கண்டிஷன், மீடியம், டிஃபேர்ட்" என்று இருக்கும். அந்த வரியைப் படித்து பஸ் உரிமையாளருக்கு ஒன்றும் விளங்காது. "மீடியம்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

எழுதுவதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்ட் சூழலில் பூட்டு நேரத்தை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். ஒரு ஃபோனில் ஆசனம் பிடித்து, ஓடிபி பக்கத்தில் எழுபது செக்கன் அப்படியே நில்லுங்கள். இரண்டாவது ஃபோனில் அதே ஆசனத்தை வாங்கி முடியுங்கள். பிறகு முதல் ஃபோனில் ஓடிபியை அடியுங்கள். இரண்டு விதமாக முடியலாம். முதலாவது, முதல் பயணிக்கு டிக்கெட் வராது. இரண்டாவது, இருவருக்குமே ஒரே ஆசனத்துக்கு டிக்கெட் வரும். பணத்தளவில் இரண்டும் ஒன்றுதான், பயணிக்கு அப்படி இல்லை. முதலாவதில் ஆள் வீட்டில் இருந்தபடியே "டிக்கெட் வரவில்லை" என்று ஃபோன் எடுப்பார். இரண்டாவதில் இரவு பஸ் புறப்படும் நேரத்தில், பெட்டியோடும் பிள்ளைகளோடும் நிற்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே ஆசனத்துக்கு டிக்கெட் காட்டும். நானூறு கிலோமீற்றர் பயணத்துக்கு அந்த நேரத்தில் வேறு பஸ்ஸில் இடம் தேட முடியாது. டிக்கெட் அட்டவணையில் `trip_id`, `seat_no` இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்று டெவலப்பரிடம் கேளுங்கள். இருந்தால் இரண்டாவது நிலையைத் தரவுத்தளமே தடுக்கும். நீங்களும் செய்து பார்த்தபின் "ஒரே ஆசனம் இருவருக்கு விற்கப்படாது, சோதித்தோம்" என்று துணிந்து எழுதலாம். அது உரிமையாளருக்குப் பெரிய ஆறுதல். மனேஜர் கேட்ட பயமில்லாத அறிக்கை இப்படித்தான் கிடைக்கும், ஆதாரத்தோடு.

அப்புறம் அந்த வரியை இப்படி எழுதலாம்:

> ஆசனம் பிடித்துப் பத்து நிமிடம் கடந்தபின் காசு கட்டி முடிக்கும் பயணிக்கு, அந்த ஆசனம் இடையில் விற்கப்பட்டிருந்தால், காசு கழிக்கப்படும். டிக்கெட்டோ எஸ்எம்எஸ்ஸோ வராது. டெஸ்ட் சூழலில் இதைச் செய்து பார்த்தோம். செய்த ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தது. ஒரே ஆசனம் இருவருக்கு விற்கப்படவில்லை. வங்கி ஓடிபி தாமதிக்கும்போதும், பஸ்ஸில் சில ஆசனங்களே மிஞ்சியிருக்கும்போதும் இது கூடுதலாக நடக்கும். சாண்ட்பொக்ஸில் கோல்பேக் உடனே வருகிறது. உண்மையான கேட்வேயில் எவ்வளவு தாமதமாகும் என்று அளக்கவில்லை. பணம் திருப்பும் வசதி சோதிக்கப்படாததால், பாதிக்கப்பட்டவருக்குக் காசை ஆள் வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

இதில் "வாய்ப்புக் குறைவு" என்ற சொல் இல்லை. ஆதாரம் இல்லாமல் அதை எழுத உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக எந்த நிலைமையில் நடக்கும் என்று எழுதியிருக்கிறது. நல்லூர் முடிந்து திரும்பும் நாட்களில் பஸ்கள் எவ்வளவு நிரம்பும் என்பது உங்களை விட உரிமையாளருக்குத்தான் தெரியும். நிலைமையைச் சொல்லிவிட்டால் வாய்ப்பை அவர் தன் அனுபவத்தால் கணிப்பார். 1 முதல் 5 வரை எண் போட்டுப் பெருக்கும் ரிஸ்க் அட்டவணையையும் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். 3ஐ 4ஆல் பெருக்கி 12 என்று எழுதினால் கூட்டம் அந்த 12ஐப் பற்றி வாதாடும், பயணியைப் பற்றிப் பேசாது.

அடுத்து, ஆபத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற பகுதி. இங்கேதான் "கண்காணிக்கப்படும்" என்ற சொல் வந்து உட்காரும். யார், எதைப் பார்த்து, எத்தனை மணிக்கு என்று இல்லாவிட்டால் அதை வெட்டுங்கள். டெவலப்பர் உங்களிடம் இப்படி ஒரு தேடலைத் தரக்கூடும்:

```sql
SELECT p.order_id, p.amount, p.paid_at
FROM payments p
LEFT JOIN tickets t ON t.order_id = p.order_id
WHERE p.status = 'SUCCESS' AND t.id IS NULL;
```

காசு வந்தும் டிக்கெட் இல்லாத ஓர்டர்களைத் தருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையை இன்னொருமுறை செய்துவிட்டு இதை ஓட்டிப் பாருங்கள். கோல்பேக்கைத் தள்ளிவிடும் நிரல், அதைத் தள்ளுவதற்கு முன்பே `payments` அட்டவணையில் `SUCCESS` என்று எழுதுகிறதா, இல்லையா? எழுதாவிட்டால் இந்தத் தேடல் வெறுமையாக வரும். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். எழுதினாலும், கேட்வேயிலிருந்து கோல்பேக்கே வராமல் போன ஓர்டரை இது காட்டாது. அதற்கு வழி, கேட்வேயின் வணிகர் கணக்கில் இருந்து அன்றைய பணப் பட்டியலை இறக்கி, டிக்கெட் பட்டியலோடு ஓர்டர் எண் வாரியாக ஒப்பிடுவது. ஆகவே அறிக்கையில் இப்படி வர வேண்டும்: "ஒவ்வொரு நாளும் மாலை பஸ்கள் புறப்பட முதல் கணக்குப் பிரிவில் இன்னார் கேட்வே பட்டியலையும் டிக்கெட் பட்டியலையும் ஒப்பிடுவார், டிக்கெட் இல்லாத பயணிக்கு ஃபோன் எடுத்து வேறு ஆசனமோ காசோ கொடுப்பார்." அந்த இன்னார் உண்மையில் ஒப்புக்கொண்டாரா என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெயர் போடப்பட்டது தனக்கே தெரியாத ஒருவரை நம்பித் தளத்தைத் திறக்கக்கூடாது.

பூட்டு நேரத்தைப் பத்திலிருந்து இருபதாக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், வெறும் அமைப்பு மாற்றம். பக் அடிக்கடி வராது, ஆனால் போய்விடாது. அதோடு பயணி காசு கட்டாமல் விட்டுப்போன ஆசனமும் இருபது நிமிடம் முடங்கிக் கிடக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது பெரிய ஆபத்து, கூட்ட நெரிசல். நீங்கள் கேள்வியில் அதைச் சொல்லவில்லை, ஆனால் நல்லூரைச் சொன்னீர்கள். கொடியேற்றத்தில் தொடங்கி இருபத்தைந்து நாள் நடக்கும் திருவிழாவில், தேரும் தீர்த்தமும் முடிந்து கொழும்புக்குத் திரும்பும் நாட்களுக்கான ஆசனங்களுக்குத்தான் அடிபிடி. அதாவது, திறந்த முதல் வாரம் அமைதியாகப் போய், எல்லோரும் நிம்மதி அடைந்த பிறகுதான் உண்மையான சுமை வரும். அறிக்கையில் இந்தக் காலக் கணக்கு இருக்க வேண்டும். லோட் டெஸ்ட் செய்திருந்தால் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரை பார்த்தீர்கள், எந்த அளவு சேர்வரில், அப்போது பக்கம் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது. உதாரணமாக, டெஸ்ட் சேர்வரில் 200 பேர் வரை பார்த்தீர்கள் என்றால், "200 பேர் வரை சரி, அதற்கு மேல் என்ன ஆகும் என்று தெரியாது" என்று எழுதுங்கள். "உண்மைச் சேர்வர் இரண்டு மடங்கு பெரியது, ஆகவே 400 பேரைத் தாங்கும்" என்று யாராவது கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், ஆசனப் பூட்டுக்காக ஒருவர் பின் ஒருவர் காத்திருக்க வேண்டியிருக்கும். சேர்வர் பெரிதானாலும் அந்த இடங்கள் அப்படியே இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நெரிசலும் முதல் பக்கும் தனித்தனி இல்லை. சேர்வர் மெதுவானால் பயணி கட்டி முடிக்க நேரம் கூடும், பூட்டுத் திறந்துவிடுவது கூடும், காசு போய் டிக்கெட் வராதவர்களும் கூடுவார்கள். ஆசனங்கள் குறைவான நாளும் அதே நாள்தான். இரண்டு ஆபத்துகளைத் தனித்தனி வரிகளில் எழுதிவிட்டு "ஒன்று மற்றதைப் பெரிதாக்கும்" என்று சேர்த்து எழுதாவிட்டால், கூட்டம் இரண்டையும் சின்னதாகவே பார்க்கும்.

மற்ற 8 ஃபெயில்களுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். எழுத்துரு சிதைவது, பழைய ஃபோனில் படம் வெட்டுப்படுவது போன்றவை என்றால் "பயணத்தையும் காசையும் பாதிக்காதவை, விவரம் பின்னிணைப்பில்" என்று ஒரு வரி போதும். எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எழுதினால் முக்கியமானது கண்ணில் படாது.

இனி பரிந்துரை. திறக்கலாமா வேண்டாமா என்று உங்களையே முடிவு சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். கருத்தைச் சொல்லுங்கள், ஆனால் தெரிவுகளாகச் சொல்லுங்கள். உங்கள் நிலையில் நான் மூன்று வைப்பேன்.

முதலாவது, எல்லாப் பஸ்களுக்கும் எல்லா ஆசனங்களையும் திறப்பது. அதில் மேலே சொன்ன ஆபத்துகள் முழுதாக இருக்கும். இரண்டாவது, பக்கைத் திருத்தி ரிஃபண்டையும் சோதித்து முடிக்கும்வரை பொறுப்பது. அதில் நல்லூர் விற்பனை கைவிட்டுப் போகலாம், அந்த இழப்பை உரிமையாளர்தான் எடைபோட வேண்டும். மூன்றாவது, குறுக்கித் திறப்பது: இரண்டு பஸ்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் சில ஆசனங்களை ஒன்லைனுக்கு ஒதுக்கி, மிச்சத்தை வழக்கம் போல ஃபோனிலும் கொப்பியிலும் பதிவது. இந்த மூன்றாவதில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க அதே பஸ்ஸில் கொப்பி ஆசனம் ஒன்றாவது கையிலிருக்கும். ஒதுக்கிய ஆசனம் குறைவு என்பதால் மாலைக் கணக்கு ஒப்பிடுவதும் ஒருவரால் முடிகிற வேலை. ஒரு நிபந்தனை உண்டு: ஒன்லைனுக்கு ஒதுக்கிய ஆசன எண்களைக் கொப்பியில் கோடு கிறுக்கி அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபோன் எடுக்கும் தம்பி அதே ஆசனத்தைக் கொப்பியில் விற்றுவிடுவார், தரவுத்தளக் கட்டுப்பாட்டுக்கு அந்தக் கொப்பி தெரியாது. மென்பொருளுக்கு வெளியே இருக்கும் இந்த ஆபத்தையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நான் மூன்றாவதைத்தான் பரிந்துரைப்பேன். அதோடு எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைப்பேன்: ஒரே நாளில் டிக்கெட் வராத பயணிகள் இத்தனை பேர் வந்தால் ஒன்லைன் விற்பனையை நிறுத்துவது, யார் நிறுத்துவது, நிறுத்தும்போது ஏற்கனவே விற்ற ஆசனங்களின் பட்டியலை அச்சிட்டு யாரிடம் கொடுப்பது. அந்த எண்ணை உரிமையாளரே கூட்டத்தில் சொல்லட்டும். பிரச்சினை வந்த இரவில் ஒருவரும் நிதானமாக எண் சொல்லமாட்டார்கள்.

மனேஜர் விஷயம். வியாழன் காலையே வரைவை அவருக்கும் டெவலப்பருக்கும் அனுப்புங்கள். கூட்டத்தில் முதல்தடவை பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், வாடிக்கையாளர் முன்னால் என்றால் இன்னும் கூடும். "இந்த வரி பிழை" என்று அவர்கள் ஆதாரம் காட்டினால் உடனே மாற்றுங்கள். "கடுமையாக இருக்கிறது" என்றால் சொற்களைத் தணிக்கலாம்: "பயணி ஏமாற்றப்படுவார்" என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆனால் "காசு கழிக்கப்படும், டிக்கெட் வராது" என்பதைத் தணிக்க இடமில்லை, அது நீங்கள் கண்ணால் பார்த்தது. அந்த வரியை எடுக்கச் சொன்னால், "அறிக்கையில் அது இருக்கட்டும், திறக்கலாம் என்ற உங்கள் கருத்தை அதற்குக் கீழே உங்கள் பெயரில் எழுதுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மனேஜர்கள் இதற்கு உடன்படக்கூடும், ஏனென்றால் எழுதி வைத்த ஆபத்து பிறகு நடந்தால் பழி அவர் மேல் மட்டும் விழாது.

ஒவ்வொரு ஆபத்து வரிக்கும் பக்கத்தில் "ஏற்றுக்கொள்பவர்" என்று ஒரு இடம் விடுங்கள். கூட்டத்தில் அந்த இடத்தில் உரிமையாளர் பெயரும் திகதியும் கையால் எழுதப்படட்டும். டெஸ்டர் பெயர் அங்கே வரக்கூடாது. நீங்கள் ஆபத்தைக் கண்டவர், அதைச் சுமக்கப் போகிறவர் அல்ல.

கடைசியாக, வியாழன் இரவு நடக்கக்கூடிய ஒன்று. டெவலப்பர் பக்கைத் திருத்திவிட்டேன் என்று புது பில்ட் ஒன்றைத் தருவார். நல்ல செய்திதான், ஆனால் உங்கள் அறிக்கை பழைய பில்டைப் பற்றியது. அந்தத் திருத்தம் ஆசனப் பூட்டையும் கோல்பேக்கையும் தொடுகிறது, தளத்தில் காசு ஓடும் வழியே அதுதான். அந்த எழுபது செக்கன் சோதனையையும், ஆசனம் பிடித்தல், காசு கட்டுதல், ரத்துச் செய்தல் கேஸ்கள் எல்லாவற்றையும் புது பில்டில் ஓட்ட நேரம் இருந்தால் ஓட்டி, பில்ட் எண்ணை மாற்றுங்கள். நேரம் இல்லாவிட்டால் முதல் பக்கத்தின் மேலேயே இப்படிப் போடுங்கள்: "இந்த அறிக்கை பழைய பில்டுக்கு உரியது. வியாழன் இரவு வந்த புது பில்டில் மேற்படி பிழை திருத்தப்பட்டதாகச் சொல்லப்படுகிறது, நாங்கள் சோதிக்கவில்லை. எந்த பில்டைத் திறப்பது என்று கூட்டம் முடிவு செய்ய வேண்டும்."